சீட்டுக்குள் பணம் இருக்கிறதா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் போனை நீட்டினான். கோவையில் மென்பொருள் வேலை. ஆறு மாதமாகப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான்.

“மாமா, இதைப் பாருங்க. நான் வாங்கினது இன் தி மணிக்குப் போயிடுச்சு. ஆனா ஆப்ல சிவப்புலதான் காட்டுது. எங்கியோ தப்பா கணக்குப் பண்றாங்க போல.”

கணக்கில் தப்பில்லை. அவன் படித்த வார்த்தையில்தான் தப்பு. ‘இன் தி மணி’ என்றால் பணம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். அந்தப் பெயரைக் கேட்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த வார்த்தை லாபத்தைப் பற்றியே பேசவில்லை என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க, பங்குச் சந்தையை விட்டுவிட்டு நகைக்கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நகைக்கடை முன்பதிவு

கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளுக்கு இது தெரிந்த விஷயம். தங்கம் ஏறிவிடுமோ என்று பயந்து, கடையில் முன்பணம் கட்டி இன்றைய விலையைப் பதிவு செய்துகொள்கிறோம். நகை எடுக்கப் போகிற நாளில் பதிவு செய்த விலை, அன்றைய விலை இரண்டில் எது குறைவோ அதையே போடுகிறார்கள். விலை ஏறினால் நமக்குப் பழைய விலை. இறங்கினால் புது விலை. வாங்க உரிமை உண்டு, பழைய விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பங்குச் சந்தையில் ‘கால் ஆப்ஷன்’ என்கிறார்களே, அதன் உடம்பும் உயிரும் இதுதான்.

கணக்குப் புரிவதற்காக இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். ஒரு பவுன் இன்று 96,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்கிறார்: “மூவாயிரம் ரூபாய் கொடுங்கள், ஒரு சீட்டு எழுதித் தருகிறேன். ஒரு மாதம் கழித்து, தங்கம் என்ன விலை விற்றாலும் இந்தச் சீட்டை நீட்டினால் 96,000 ரூபாய்க்கு ஒரு பவுன் தருவேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஆனால் அந்த மூவாயிரம் திரும்ப வராது, நகை விலையிலும் கழியாது.”

சீட்டில் எழுதிய 96,000 ரூபாய்க்கு ‘ஸ்ட்ரைக் விலை’ என்று பெயர். சீட்டுக்காகக் கொடுத்த 3,000 ரூபாய் ‘பிரீமியம்’. ஒரு மாதம் முடிகிற அந்த நாள் ‘எக்ஸ்பைரி’, அதாவது காலாவதி. இந்த மூன்றும் போதும்.

இப்போது நடுவில் ஒரு நாள் கடைவீதிப் பக்கம் போகிறோம். சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது. அன்றைய தங்க விலைப் பலகையைப் பார்க்கிறோம். மனதில் ஒரே ஒரு கேள்வி எழும்: இந்த விலைக்கு, இந்தச் சீட்டை நீட்டினால் ஆதாயம் உண்டா?

பலகையில் 98,000 என்று இருந்தால் உண்டு. சீட்டை நீட்டி 96,000 ரூபாய்க்கு வாங்கலாம், 2,000 மிச்சம். சீட்டுக்குள் 2,000 ரூபாய் பணம் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் ‘இன் தி மணி’. சந்தைக்காரர்கள் சுருக்கி ஐடிஎம் என்பார்கள்.

பலகையில் அதே 96,000 என்று இருந்தால் சீட்டை நீட்டினாலும் ஒன்றுதான், நீட்டாவிட்டாலும் ஒன்றுதான். விளிம்பில் நிற்கிறது. இது ‘அட் தி மணி’, சுருக்கமாக ஏடிஎம். பணம் எடுக்கிற எந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பலகையில் 94,000 என்று இருந்தால் சீட்டை வெளியே எடுக்கவே மாட்டோம். கடையில் எல்லோருக்கும் 94,000 ரூபாய்க்குக் கிடைப்பதைச் சீட்டு காட்டி 96,000 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள்? சீட்டுக்குள் இப்போது பணம் இல்லை. இது ‘அவுட் ஆஃப் தி மணி’, ஓடிஎம்.

கவனித்தீர்களா, இந்த மூன்று முடிவுக்கும் நாம் பார்த்தது இரண்டே எண்கள்: சீட்டில் உள்ள விலை, பலகையில் உள்ள விலை. சீட்டுக்கு நாம் கொடுத்த மூவாயிரத்தை எங்கேயும் சேர்க்கவில்லை. மருமகன் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

காலாவதி நாளன்று தங்கம் 98,000 ரூபாயில் நின்றால் சீட்டு இன் தி மணி. நீட்டுகிறோம், 2,000 ரூபாய் ஆதாயம். ஆனால் சீட்டுக்குக் கொடுத்தது 3,000. மொத்தத்தில் ஆயிரம் ரூபாய் நஷ்டம். நஷ்டம்தானே என்று சீட்டைக் கிழித்துப் போடுவோமா? மாட்டோம். கிழித்தால் மூவாயிரமும் போகும். நீட்டினால் இரண்டாயிரமாவது திரும்பும். இன் தி மணி என்ற பெயர், ‘இந்தச் சீட்டை நீட்டுவது புத்திசாலித்தனம்’ என்பதை மட்டும் சொல்கிறது. ‘நீ ஜெயித்துவிட்டாய்’ என்று சொல்லவில்லை. ஜெயிக்க வேண்டுமானால் தங்கம் 99,000 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். சீட்டின் விலையும் பிரீமியமும் சேர்ந்த அந்த இடத்துக்குச் சந்தையில் ‘பிரேக் ஈவன்’ என்று பெயர். கைமுதல் திரும்புகிற இடம்.

களத்துமேட்டில் இருக்கும் இன்னொரு சீட்டு

வாங்குகிற உரிமை போலவே விற்கிற உரிமையும் உண்டு. அதற்குப் பெயர் ‘புட் ஆப்ஷன்’. இங்கே எல்லாம் தலைகீழாகத் திரும்புவதால் புதியவர்கள் குழம்புவார்கள். நெல் போட்டவர்களுக்குக் குழப்பம் வராது.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று விலை வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மூட்டையோடு வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் தனிக்கதை. முக்கியமான விஷயம், அங்கேதான் விற்க வேண்டும் என்று விவசாயிக்குக் கட்டாயம் இல்லை.

அறுவடை நேரத்தில் வியாபாரி களத்துக்கே வந்து 2,300 கேட்கிறார். விவசாயி தலையாட்டுவாரா? கொள்முதல் நிலையத்துக்கு வண்டியைக் கட்டுவார். வெளிச்சந்தையைவிட 200 ரூபாய் கூடக் கிடைக்கிறதே. விற்கும் உரிமைக்குள் 200 ரூபாய் இருக்கிறது: இன் தி மணி. வியாபாரி 2,500 ரூபாயே தருகிறேன் என்றால் எங்கே விற்றாலும் ஒன்றுதான்: அட் தி மணி. 2,650 தருகிறேன் என்றால் கொள்முதல் நிலையத்துப் பக்கமே போக மாட்டார்: அவுட் ஆஃப் தி மணி.

வாங்கும் சீட்டுக்குச் சந்தை விலை மேலே போகப் போகப் பணம் சேரும். விற்கும் சீட்டுக்கு விலை கீழே இறங்க இறங்கப் பணம் சேரும். ‘எது மேலே, எது கீழே’ என்று மனப்பாடம் செய்தால் அவசரத்தில் மறந்துபோகும். இந்த விலைக்குச் சீட்டை நீட்டுவேனா என்று கேட்டுக்கொண்டால் மறக்காது.

இன்னொன்று. இந்தப் பெயர்கள் எல்லாம் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் பக்கமிருந்தே சொல்லப்படுகின்றன. எழுதிக் கொடுத்தவருக்குச் சீட்டு இன் தி மணி ஆவது கெட்ட செய்தி. நகைக்கடைக்காரர் 98,000 ரூபாய்த் தங்கத்தை 96,000 ரூபாய்க்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவர் பக்கம் நின்று பேசும்போதும் பெயர் மாறுவதில்லை. அவரும் ‘நான் எழுதின ஆப்ஷன் ஐடிஎம் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்வார், கொஞ்சம் வருத்தத்தோடு.

திரையில் பார்க்கும்போது

நம் நாட்டில் அதிகம் பேர் வாங்கி விற்பது நிஃப்டி ஆப்ஷன். தேசியப் பங்குச் சந்தையில் 2001 ஜூனில் தொடங்கியது. இங்கே தங்கத்துக்குப் பதில் நிஃப்டி என்கிற குறியீட்டெண். நிஃப்டியைப் பவுன் போலக் கையில் வாங்க முடியாது. அதனால் காலாவதி நாளில் வித்தியாசத்தைப் பணமாகவே கணக்கு முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே வெளியேற வேண்டுமானால் சீட்டை நீட்ட முடியாது; இன்னொருவருக்கு அன்றைய விலைக்கு விற்றுவிட வேண்டும்.

ஒரே ஒரு ஸ்ட்ரைக் விலை என்றில்லை, 50 புள்ளி இடைவெளியில் வரிசையாக இருக்கும். இந்த வரிசையைக் காட்டும் பட்டியலுக்கு ‘ஆப்ஷன் செயின்’ என்று பெயர். நடுவில் ஸ்ட்ரைக் விலைகள் ஏறுவரிசையில் நிற்கும். இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட். தேசியப் பங்குச் சந்தையின் இணையப் பக்கத்தில் சில கட்டங்கள் வேறு நிறத்தில் தெரியும். இடப்பக்கத்தில் மேல் பாதி, வலப்பக்கத்தில் கீழ் பாதி. அழகுக்காகப் பூசிய நிறம் இல்லை அது. அந்தக் கட்டங்கள்தான் இன் தி மணி. நிறம் முடிகிற படிக்கட்டு விளிம்பில்தான் அன்றைய நிஃப்டி நிற்கிறது.

இன்று நிஃப்டி 25,020 என்று வைத்துக்கொள்வோம். 24,700 கால் வைத்திருப்பவருக்கு 25,020 மதிப்புள்ளதை 24,700 ரூபாய்க்கு வாங்கும் உரிமை. உள்ளே 320 ரூபாய். இன் தி மணி. 25,400 கால் வைத்திருப்பவர் சீட்டை எடுக்கவே மாட்டார். அவுட் ஆஃப் தி மணி. ஆனால் அதே 25,400 வரிசையில் வலப்பக்கம் இருக்கும் புட், 25,020 மட்டுமே பெறுவதை 25,400 ரூபாய்க்கு விற்கும் உரிமை. அதற்குள் 380 ரூபாய். ஒரே வரிசை, ஒரு பக்கம் வெறும் சீட்டு, மறுபக்கம் பணம் உள்ள சீட்டு.

அட் தி மணி எங்கே? 25,020 என்று ஒரு ஸ்ட்ரைக் விலையே கிடையாது. சரியாக அதே எண் அமைவது அபூர்வம். அதனால் பக்கத்தில் இருக்கும் 25,000 என்பதையே ஏடிஎம் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுவார்கள். அரைமணி நேரத்தில் நிஃப்டி 25,060 ஆகிவிட்டால் 25,050 ஏடிஎம் ஆகிவிடும். காலையில் வாங்கியது மாலையில் வேறு பெயர் எடுத்திருக்கும். இந்தப் பெயர் ஆப்ஷனின் பிறவிக்குணம் இல்லை, அது அன்றன்றைக்கு நிற்கும் இடம்.

விலையைப் பிளந்து பார்ப்போம்

காலாவதிக்கு ஒரு வாரம் இருக்கிறது. நிஃப்டி 25,020. அமைதியான சந்தையில் திரையில் தெரியக்கூடிய விலைகளை ஒட்டி மூன்று கால் ஆப்ஷன்களை எடுத்துக்கொள்கிறேன். 24,700 காலின் விலை 395 ரூபாய். 25,000 காலின் விலை 190. 25,400 காலின் விலை 45.

முதல் சீட்டுக்குள் 320 ரூபாய் இருக்கிறது. விலையோ 395. மீதி 75 எதற்கு? இரண்டாவதற்குள் 20 ரூபாய்தான். ஆனால் 190 கேட்கிறார்கள். மீதி 170. மூன்றாவதற்குள் ஒன்றுமே இல்லை. அதற்கு ஏன் 45 ரூபாய்?

சீட்டுக்குள் இப்போதே இருக்கும் பணத்துக்கு ‘உள்ளார்ந்த மதிப்பு’ என்று பெயர். அதற்கு மேல் கொடுப்பது ‘கால மதிப்பு’. இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே என்ற வாய்ப்புக்குக் கொடுக்கும் விலை அது. கரைந்துகொண்டே இருக்கும் விலையும் அதுதான். காலாவதி நாள் மாலை கால மதிப்பு பூஜ்யம். உள்ளார்ந்த மதிப்பு மட்டும் மிஞ்சும்.

கால மதிப்பு மூன்றிலும் ஒரே அளவாக இல்லை என்பதைப் பாருங்கள்: 75, 170, 45. நடுவில் நிற்பதுதான் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 24,700 கால் பெரும்பாலும் பணத்தோடுதான் முடியப்போகிறது. 25,400 கால் பெரும்பாலும் வெறுங்கையோடு முடியப்போகிறது. 25,000 கால்தான் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாமல் நிற்கிறது. நிச்சயமின்மைக்குத்தான் இங்கே விலை. விளிம்பில் நிற்பதில் நிச்சயமின்மை அதிகம், அதனால் அங்கே கால மதிப்பும் அதிகம்.

மேலே சொன்னது போலவே, நிஃப்டி திடீரென்று 100 புள்ளி ஏறினால் மூன்றும் ஒரே அளவு ஏறாது. 24,700 கால் சுமார் 80 ரூபாய் ஏறும். 25,000 கால் சுமார் 60. 25,400 கால் சுமார் 25. உள்ளே பணம் நிறைய இருக்கிற சீட்டு ஏறக்குறைய நிஃப்டியைப் போலவே நடக்கும். வெறும் சீட்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்.

மூன்று பேர், ஒரு வாரம்

நிஃப்டி ஏறும் என்று மூன்று பேர் நினைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு லாட் வாங்குகிறார்கள். லாட் அளவைச் சந்தை அவ்வப்போது மாற்றும். இங்கே 65 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

24,700 கால் வாங்கியவருக்குச் செலவு 25,675 ரூபாய். 25,000 கால் வாங்கியவருக்கு 12,350. 25,400 கால் வாங்கியவருக்கு 2,925.

ஒரு வாரம் கழிகிறது. காலாவதி நாளில் நிஃப்டி 25,100 புள்ளியில் முடிகிறது. அவர்கள் சொன்னபடியே ஏறியிருக்கிறது, 80 புள்ளி. மூன்று பேருடைய கணிப்பும் சரி.

24,700 காலுக்குள் இப்போது 400 ரூபாய். வாங்கியது 395. ஐந்து ரூபாய் வீதம் 65, மொத்தம் 325 ரூபாய் லாபம். தரகு, வரி போனால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது அவரவர் தரகரைப் பொறுத்தது.

25,400 கால் வெறும் சீட்டாகவே செத்தது. 2,925 ரூபாயும் போனது.

25,000 காலுக்குள் 100 ரூபாய் இருக்கிறது. நூற்றுக்கு நூறு இன் தி மணி. வாங்கும்போது உள்ளே இருந்தது 20, இப்போது 100. ஐந்து மடங்கு. ஆனால் அவர் கொடுத்தது 190. 90 ரூபாய் வீதம் 65, மொத்தம் 5,850 ரூபாய் நஷ்டம். மூன்று பேரில் அதிகம் இழந்தவர் இவர்தான். உள்ளார்ந்த மதிப்பில் 80 ரூபாய் வந்தது, கால மதிப்பில் 170 ரூபாய் கரைந்தது. மருமகனின் போனில் சிவப்பாகத் தெரிந்தது இந்தக் கணக்குதான்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். வாங்கிய மறுநாளே நிஃப்டி துள்ளி 25,200 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,400 கால் இன்னும் ஓடிஎம்தான், உள்ளே ஒரு பைசா இல்லை. ஆனால் எட்டிவிடும் தூரம் பாதியாகிவிட்டது, இன்னும் ஆறு நாள் இருக்கிறது. 45 ரூபாய்க்கு வாங்கியது 80 ரூபாயை ஒட்டி விலை போகும். அப்போதே விற்றுவிட்டால் 2,275 ரூபாய் லாபம். இன் தி மணிக்குப் போகாமலேயே லாபம். விற்காமல் காத்திருந்து, காலாவதி நாளில் நிஃப்டி 25,350 வரை வந்து நின்றுவிட்டால்? 330 புள்ளி ஏறியும் கையில் பூஜ்யம்.

பணம் உள்ள சீட்டில் நஷ்டம் வரலாம், வெறும் சீட்டில் லாபம் வரலாம். சீட்டு எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி. என்ன விலைக்கு வாங்கினோம், என்ன விலைக்கு விற்றோம் என்பது வேறு கேள்வி.

மலிவு என்று யார் சொன்னது?

புதிதாக வருகிறவர்கள் ஓடிஎம் பக்கம் போவதற்குக் காரணம் எளிது. 25,675 ரூபாய் எங்கே, 2,925 ரூபாய் எங்கே. இன்னும் தூரத்தில் 25,800 கால் ஆறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு லாட் 390 ரூபாய். குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடுகிற காசு.

ஆனால் அந்த 390 ரூபாய்க்கு என்ன நடந்தாக வேண்டும் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் நிஃப்டி 786 புள்ளி ஏறினால்தான் காலாவதியில் கைமுதலே திரும்பும். நூற்றுக்கு மூன்று ஏற்றம். ஒரு வாரத்தில் அப்படி ஏறியதே இல்லை என்று சொல்ல முடியாது. அடிக்கடி ஏறுவதில்லை, அதனால்தான் ஆறு ரூபாய். 24,700 கால் வாங்கியவரின் 395 ரூபாயில் காற்றில் கரையக்கூடியது 75தான். ஓடிஎம் வாங்கியவரின் பணத்தில் ரூபாய்க்கு நூறு பைசாவும் கரையக்கூடியது.

அதற்காக ஐடிஎம் பத்திரமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஃப்டி இறங்கி 24,700 புள்ளிக்கு வந்தால் அந்த 25,675 ரூபாயும் போகும். மலிவான சீட்டு முழுதாகப் போக வாய்ப்பு அதிகம், போவது சிறு தொகை. விலை கூடிய சீட்டு முழுதாகப் போக வாய்ப்பு குறைவு, போனால் பெருந்தொகை. பிரச்சினை வருவது, 25,675 ரூபாயை வைத்துக்கொண்டு ‘ஒரு ஐடிஎம் வாங்குவதற்குப் பதில் எட்டு லாட் ஓடிஎம் வாங்கலாமே’ என்று மனம் கணக்குப் போடும்போது. அப்போது பெருந்தொகை முழுதாகப் போகவும் வாய்ப்பு அதிகம்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எல்லாமே ஓடிஎம் வாங்கியதால் வந்தது என்று அந்த எண் சொல்லவில்லை. புதிதாக இறங்குகிறவர் எத்தகைய கூட்டத்தில் போய் நிற்கிறார் என்பதைச் சொல்கிறது.

உள்ளே பணம் இருப்பதே வினையாகும்போது

நிஃப்டியில் வித்தியாசத்தைப் பணமாக முடித்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். தனிப்பட்ட நிறுவனப் பங்குகளின் ஆப்ஷன் அப்படி இல்லை. 2018 ஜூலையில் தொடங்கிப் படிப்படியாக, 2019 அக்டோபருக்குள் எல்லாப் பங்கு ஆப்ஷன்களிலும் பங்கையே கைமாற்றிக் கணக்கு முடிக்கும் முறை வந்துவிட்டது.

ஒரு பங்கு 982 ரூபாய்க்கு விற்கிறது. உங்களிடம் 980 கால், லாட் அளவு 500 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டே ரூபாய். காலாவதி நாளில் விற்காமல் மறந்துவிட்டீர்கள். நீட்டுவதா வேண்டாமா என்று உங்களைக் கேட்க மாட்டார்கள்; உள்ளே பணம் இருக்கிற சீட்டைச் சந்தையே நீட்டிவிடும். 980 வீதம் 500 பங்கு, 4,90,000 ரூபாய் கட்ட வேண்டும். சீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தவருக்கு ஐந்து லட்சத்துக்கு நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்? புட் என்றால் கையில் 500 பங்கு இருந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏலத்தில் வாங்கிக் கொடுத்து அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். இதற்காகவே காலாவதி நெருங்கும் கடைசி நாட்களில், பணம் உள்ளே இருக்கும் பங்கு ஆப்ஷனுக்குத் தரகர்கள் மார்ஜின் தொகையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ‘நான் வாங்கினவன்தானே, எனக்கு எதுக்கு மார்ஜின்?’ என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். 980 கால் ஓடிஎம் ஆக முடிந்திருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, பிரீமியத்தோடு போயிருக்கும்.

பழைய ஆட்களைக் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள். 2019 செப்டம்பருக்கு முன், காலாவதியில் பணத்தோடு முடிகிற ஆப்ஷனுக்குப் பரிவர்த்தனை வரியை உள்ளே இருக்கும் பணத்துக்குப் போடாமல், முழு ஒப்பந்த மதிப்புக்கும் 0.125 சதவீதம் போட்டார்கள். நிஃப்டி 11,000, லாட் 75 என்றால் ஒப்பந்த மதிப்பு 8,25,000. வரி 1,031 ரூபாய். சீட்டுக்குள் ஐந்து ரூபாய் இருந்தால் 75 மடங்கு, 375 ரூபாய். வாங்குவது 375, கட்டுவது 1,031. விவரம் தெரிந்தவர்கள் அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டைக் கடைசி நிமிடத்தில் மூன்று ரூபாய்க்காவது தள்ளிவிட்டு ஓடுவார்கள். பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உள்ளே இருக்கும் பணத்துக்கு மட்டும் வரி என்றானது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். அவன் வைத்திருந்தது நிஃப்டி கால். உள்ளே 64 ரூபாய், வாங்கியது 118. அன்றைக்கே காலாவதி. மணி இரண்டரை ஆகியிருந்தது.

“இப்ப வித்தா 66 ரூபாய் காட்டுது மாமா. வெச்சிருக்கட்டுமா?”

“உள்ள 64 இருக்கு. அந்த மீதி ரெண்டு ரூபாய் எதுக்குக் குடுக்கறாங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கறதுக்கு.”

“காலையில அது எவ்வளவு இருந்துச்சு?”

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பழைய விலையைத் தேட ஆரம்பித்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.